“பரவாயில்ல மதினி”: ஒரு மன்னிப்பின் நிகழ்வு ஆய்வு

குடும்ப ஆலோசகராக இருப்பதால் பிறர் வீட்டுச் சண்டைகளை வழக்குக் குறிப்பாக எழுதுவது எனக்குப் பழகிப்போன வேலை. இந்தக் குறிப்பில் தப்பு செய்தவள் நான். புண்பட்டவள் என் தம்பியின் மனைவி. எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்திவிட்டுத்தான் “போடுங்க” என்றாள்.

நடந்தது

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் 31 பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கொடைக்கானல் ஏரிக்கரையில் மனைவியோடு நின்று எடுத்த படத்தைத் தம்பி அதில் போட்டான். கல்யாணமாகி நாலு வருஷம். அவள் எப்போதும் ஒல்லி. அந்தப் படத்தில் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. 6:40-க்கு நான் எழுதினேன்: “முகம் பூசினாப்ல இருக்கே, விசேஷமா? சீக்கிரம் நல்ல சேதி சொல்லு.” பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மை.

இந்த “விசேஷமா?” எப்படிப்பட்ட கேள்வி என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். காய்கறிக் கடையில் கேட்பார்கள், பேருந்தில் கேட்பார்கள். கேட்பவருக்கு அது வெறும் நலம் விசாரிப்பு. நான் எழுதிய பத்து நிமிஷத்துக்குள் ஏழெட்டு பேர் அதன்மேல் இதயக்குறி போட்டார்கள். சித்தி என் வரியைப் பிடித்து, “ஆமா, நானும் பாத்தேன், வாழ்த்துக்கள்மா” என்று பதில் போட்டாள். பெரியப்பா மகள் “வாழ்த்துக்கள்” என்றாள். இன்னொருவர் கைகூப்பினார். கேள்வியாகத் தொடங்கியது, அவள் வாயே திறக்காமல் செய்தியாகிவிட்டது.

7:20-க்குத் தம்பி போன் செய்தான். “அக்கா, அதை அழிச்சிரு” என்றான். ஏன் என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கிளீன் பண்ணியிருக்கிறார்கள். மூணு மாசம் முடியட்டும் என்று உண்டானதையே யாரிடமும் சொல்லவில்லை, அதனால் கலைந்ததையும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. மனசு மாறட்டும் என்றுதான் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போயிருக்கிறான். நான் பார்த்து எழுதிய அந்தப் பூசின முகம், கர்ப்பத்தின் மிச்சம்.

மூணு மாசம் வரை சொல்லக்கூடாது என்ற வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கருக்கலைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள்தான் நடக்கின்றன. எது நடந்தால் ஒருத்திக்கு ஆள் துணை வேண்டுமோ, அது நடக்கக்கூடிய காலம் முழுக்க அவளை வாய்மூடி இருக்கச் சொல்கிறது இந்த வழக்கம். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லி வளர்த்தாள், நானும் பலரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

அழித்ததால் அழிந்ததும் அழியாததும்

அழிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். செய்தியை அழுத்திப் பிடித்து யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். 17 பேர். அவள் பெயர் இருந்தது, 6:44. நீலக் குறியை ஒருவர் அணைத்து வைத்திருந்தாலும் குழுவுக்குள் அது மறையாது. நான் எழுதி நாலே நிமிஷத்தில் படித்திருக்கிறாள். மற்றவர்கள் வாழ்த்துச் சொன்னது முழுக்க அதற்குப் பிறகுதான். இந்த விவரம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் படித்துவிட்டாளா என்பதை மட்டும்தான் பார்த்தேன்.

எல்லோருக்குமாக அழித்தேன். அதற்கு இரண்டு நாளுக்கு மேலேயே அவகாசம் உண்டு. திருத்துவதற்குத்தான் 15 நிமிஷம், அது எப்போதோ தாண்டியிருந்தது. என் வரி போய், செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரி வந்து உட்கார்ந்தது. ஆனால் சித்தியின் பதிலுக்கு மேலே, சின்னப் பெட்டிக்குள், நான் எழுதியது அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் மேற்கோள் காட்டிப் பதில் போட்டுவிட்டால் மூலத்தை அழித்தாலும் அது போகாது. குழுவின் அட்மின் சித்தப்பா மகன். அட்மினால் மற்றவர்கள் போட்டதையும் எல்லோருக்குமாக நீக்க முடியும். காரணம் சொல்லாமல் அவனைக் கேட்டேன், அவனும் கேள்வி கேட்காமல் செய்துகொடுத்தான். உடனே மாமா குழுவில், “என்ன அழிச்சீங்க, நான் பாக்கவே இல்லையே?” என்று கேட்டார். எழுதியதை அழித்தால் அழித்த தடம் பேச்சாகிவிடுகிறது. நான் சமாளித்து, “தப்பா டைப் ஆயிருச்சு மாமா” என்றேன். அது பொய். அவள் அதையும் படித்தாள்.

முதல் மன்னிப்பு

7:31-க்கு அவளுக்குத் தனியாக எழுதியது இது:

“சாரிம்மா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கேட்டே இருக்க மாட்டேன். நல்லதுக்குத்தான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதே. மனசு ஒடிஞ்சு போச்சு எனக்கு.”

7:33-க்குப் பதில் வந்தது: “பரவாயில்ல மதினி.” கூடவே ஒரு கைகூப்பும் குறி. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. தம்பிக்குப் போன் போட்டு, “பேசிட்டேன்டா, சரியாயிருச்சு” என்றேன்.

என் வேலையில் இந்த ஐந்து வரியை யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டிருப்பேன். “தெரியாது” என்பது விளக்கம். “தெரிஞ்சிருந்தா” என்பது அதே விளக்கம் மறுபடியும், கூடவே மறைமுகமாக ஒரு குற்றச்சாட்டு: நீ சொல்லாததால்தான் இப்படி ஆச்சு. “நல்லதுக்குத்தான்” என்பது என் மனசுக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்று. “தப்பா எடுத்துக்காதே” நம் மொழியில் ரொம்பப் பழகிய தொடர், ஆனால் அதன் வேலையைப் பாருங்கள். பேசியதில் தப்பில்லை, எடுத்துக்கொள்வதில்தான் தப்பு வரலாம், அது வராமல் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு என்கிறது. கடைசி வரிதான் மோசம். அங்கே மனசு ஒடிந்தவள் நானாகிவிட்டேன். பத்தொன்பது நாள் முன்பு பிள்ளையை இழந்தவள் இப்போது என்னைத் தேற்ற வேண்டும். இரண்டு நிமிஷத்தில் தேற்றியும் விட்டாள்.

“நான் செய்தது தப்பு” என்ற வரி அந்த ஐந்தில் எங்கும் இல்லை. ராய் லெவிக்கியும் அவர் கூட்டாளிகளும் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு மன்னிப்புக் கேட்பதை ஆறு பகுதியாகப் பிரித்தது: வருத்தம், விளக்கம், பொறுப்பை ஒப்புக்கொள்வது, இனிச் செய்யேன் என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது. இவற்றில் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஒப்புக்கொள்வது. ஆகக் குறைவாக எடுபட்டது, மன்னித்துவிடு என்று கேட்பது. ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு வந்தவர் முந்தைய தவறுக்கு வருந்துவதாகக் கற்பனை செய்து நடத்திய ஆய்வு அது. நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் நடுவே அது அப்படியே செல்லுமா என்றால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அந்தப் பட்டியலை என் ஐந்து வரிக்குப் பக்கத்தில் வைத்தால், விளக்கத்தை மட்டும் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன் என்பது தெரிகிறது.

“பரவாயில்ல” என்ற பதில்

இந்தச் சொல்லை நம்பியதுதான் என் இரண்டாவது தப்பு. காலை மிதித்தவரிடமும் பரவாயில்ல என்கிறோம், ஐந்நூறு ரூபாயைத் திருப்பித் தராதவரிடமும் பரவாயில்ல என்கிறோம். வயதிலோ முறையிலோ மூத்தவர் சாரி சொன்னால் இளையவருக்கு வேறு பதிலே கிடையாது. “இல்ல மதினி, எனக்கு வலிக்குது” என்று ஒரு மருமகள் எழுதினால் அடுத்த நாளே அது மாமியார் காதுக்குப் போகும். ஆகவே அந்தப் பதிலில் இருந்து எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அவளுக்கு அந்தப் பேச்சு அப்போதே முடிய வேண்டியிருந்தது.

எவரெட் வொர்திங்டன் என்ற உளவியலாளர் மன்னிப்பில் இரண்டு வகை சொல்வார். இவரைப் பழிவாங்க மாட்டேன், பழையபடியே நடத்துவேன் என்று முடிவெடுப்பது ஒன்று. மனசில் கிடக்கும் கசப்பு மெல்ல மெல்லக் கரைவது மற்றொன்று. முதலாவது ஒரே நொடியில் நடக்கலாம், இரண்டாவது தன் நேரத்தில்தான் நடக்கும். “பரவாயில்ல” என்பதை உச்சபட்சமாக முதல் வகையில் சேர்க்கலாம். அதுகூட இங்கே இருந்ததா என்பது அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது.

அவள் குழுவில் பேசவில்லை. அதை நான் கோபம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. இழப்பில் இருப்பவள் பேசாமல் இருப்பாள், அதில் என் பங்கு எவ்வளவு என்று மௌனத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அளந்து பார்க்க ஒரே வழி, அவள் மற்றவர்களிடம் எப்படி இருக்கிறாள் என்பதுதான். பத்தாம் நாள் என் தங்கையோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறாள். சித்தியிடம் மீன்குழம்புக்குப் பக்குவம் கேட்டிருக்கிறாள். எனக்கு வந்ததெல்லாம் ஒற்றை வரி. “அம்மா மாத்திரை வாங்கியாச்சா?” என்று கேட்டால் “வாங்கியாச்சுங்க.” முன்பெல்லாம் “வாங்கியாச்சு மதினி, ஆனா மதுரைல அந்தக் கம்பெனி கிடைக்கல” என்று நீளும். இப்போது ‘மதினி’ இல்லை. மரியாதையில் குறைவே கிடையாது. எல்லாவற்றுக்கும் ‘ங்க’ உண்டு. முறைச்சொல் மட்டும் உதிர்ந்திருந்தது. பழைய செய்திகளை மேலே தள்ளி எண்ணிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய பதினைந்து செய்திகளில் பன்னிரண்டில் ‘மதினி’ இருந்தது. அதற்குப் பிந்தைய பதினொன்றில் ஒன்றில் மட்டும். அந்த ஒன்று, “பரவாயில்ல மதினி.”

அம்மா இருப்பது தம்பி வீட்டில். ஞாயிறுதோறும் நான் அம்மாவோடு பேசும்போது அங்கே போன் கை மாறி மாறிப் போகும். தம்பி மனைவியின் முறை வந்ததும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லித் தம்பியிடம் கொடுத்துவிடுவாள். மூன்று வாரமும் அடுப்பில் ஏதோ இருந்தது.

இரண்டாவது மன்னிப்பு

இருபத்து நாலாம் நாள் எழுதினேன். அவ்வளவு தள்ளிப்போட்டது திட்டமிட்டு இல்லை, பயம்தான். ஆனால் தாமதம் எப்போதும் கெடுதல் என்று சொல்ல முடியாது. ஃப்ரான்ட்ஸும் பென்னிக்சனும் 2005-ல் செய்த ஆய்வில், உடனே கேட்ட மன்னிப்பைவிடச் சற்றுப் பொறுத்துக் கேட்ட மன்னிப்பு கூடுதலாகத் திருப்தி தந்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில், தன் வலி எதிராளிக்குப் புரிந்தது என்று புண்பட்டவருக்குத் தோன்ற வழி கிடைக்கிறது என்பதுதான் அவர்கள் கண்ட காரணம். அப்படியானால் தாமதத்தை வைத்துக்கொண்டு என்ன புரிந்துகொண்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எப்படிச் சொல்வது என்பதில் ஒரு நாள் போயிற்று. போன் செய்தால் அவள் அந்த நொடியே ஏதாவது சொல்லியாக வேண்டும், சொல்லப்போவதும் பரவாயில்ல என்பதுதான். குரல் பதிவு அனுப்பலாம் என்றால் என் தொண்டை அடைக்கும், அவள் மறுபடியும் என்னைத் தேற்றுவாள். நேரில் போனால் அம்மாவும் கூடவே இருப்பாள். எழுத்தில் குரல் இல்லை என்பது குறைதான். ஆனால் எழுதினால் அவள் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்கலாம். அந்த வசதிக்காகவே எழுத்தைத் தேர்ந்தேன்.

குழுவிலும் கேட்க வேண்டுமா என்பது இன்னொரு குழப்பம். பொதுவில் பேசியதற்குப் பொதுவில்தான் கேட்க வேண்டும் என்று வருபவர்களிடம் சொல்பவள் நான். இங்கே அது பொருந்தவில்லை. “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்று குழுவில் போட்ட மறு நிமிஷம் முப்பது பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். அவள் மூடி வைத்ததை நான் திறந்ததாகிவிடும். அதனால் அந்த முடிவை அவளிடமே விட்டேன்.

ஐந்து தடவை எழுதி அழித்த பிறகு போனது இது:

“அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி உன் உடம்பைப் பத்திக் கேட்டேன். அது தப்பு. உனக்கு நடந்தது எனக்குத் தெரியாதுங்கிறது காரணம் இல்ல. எதுவும் நடக்காம இருந்திருந்தாலும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அப்புறம் சாரின்னு எழுதுனதுலயும் என்னையத்தான் பாத்துக்கிட்டேன், உன்னைப் பாக்கல. இனிமே உன்கிட்டயும் சரி, வேற யார்கிட்டயும் சரி, நான் அந்தக் கேள்வியைக் கேக்க மாட்டேன். குழுவுல நான் ஏதாவது சொல்லணும்னா சொல்றேன், வேண்டாம்னா விட்டுர்றேன், உன் இஷ்டம். இதுக்கு நீ பதில் போட வேண்டாம்.”

இதில் மன்னித்துவிடு என்ற சொல் இல்லை. வேண்டுமென்றே விட்டேன். கேட்டால் அதற்கும் அவள் பதில் தர வேண்டும்.

இரண்டு நீலக் குறி வந்தது. அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாளும் இல்லை. போட வேண்டாம் என்று எழுதியவள் நான்தான், ஆனாலும் மணிக்கு நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தேன்.

பதில்

இருபத்தாறாம் நாள் ராத்திரி 11:10-க்கு வந்தது. அவள் அனுமதியோடு ஒரு பகுதி:

“மதினி, நீங்க கேட்டது கூட எனக்குப் பெருசா இல்ல. எல்லாரும் கேக்குறதுதான், பழகிருச்சு. கீழ வாழ்த்துக்கள் வாழ்த்துக்கள்னு வந்துச்சு பாத்தீங்களா, அதான். ஏரிக்கரைல உக்காந்து ஒவ்வொண்ணா வர்றதப் பாத்துக்கிட்டே இருந்தேன். அது இருந்தப்ப யாரும் வாழ்த்துச் சொல்லல. போனதுக்கப்புறம் சொன்னாங்க. நீங்க அதுக்கப்புறம் தப்பா டைப் ஆயிருச்சுன்னு மாமாகிட்ட சொன்னீங்க. அதுவும் எனக்குப் பிடிக்கல.”

நான் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டதும் என் கேள்விக்காக. அவளுக்கு வலித்தது, கேள்விக்குக் கீழே வந்த வாழ்த்து. அவள் 6:44-க்குப் படித்தாள் என்பதைப் பார்த்த அன்றே, அதன்பிறகு வந்த ஒவ்வொரு வாழ்த்தையும் உடனுக்குடன் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மூன்றாவதாக அந்தப் பொய். அது அவள் கணக்கில் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. இரண்டாவது மன்னிப்பும் பாதி தவறிய அம்புதான். ஆனாலும் அது ஒரு வேலை செய்தது: எங்கே வலித்தது என்று அவள் சொல்லும்படி இடம் விட்டது.

என் கணக்கில் மன்னிப்பின் முதல் அடையாளம் இந்தக் குறைதான். கோபம் தீராதவர்கள் குறை சொல்வார்கள், தீர்ந்தவர்கள் பரவாயில்ல என்பார்கள் என்று பொதுவாக நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. நம்பிக்கை இல்லாத வரை பரவாயில்ல என்றாள். கொஞ்சம் நம்பிக்கை வந்ததும் “எனக்குப் பிடிக்கல” என்றாள். முதல் சொல்லிலேயே ‘மதினி’ திரும்பியிருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

நான் எழுதிய பதில் சின்னது. “வாழ்த்து வந்தத நான் யோசிக்கவே இல்ல. மாமாகிட்ட சொன்னது பொய்தான், என்னையக் காப்பாத்திக்கச் சொன்னேன்.” அதற்குமேல் அழகுபடுத்தவில்லை. குழுவில் எதுவும் சொல்ல வேண்டாம் என்றாள். விட்டுவிட்டேன்.

மன்னித்தாளா?

மைக்கேல் மெக்கல்லோவும் அவர் கூட்டாளிகளும் 1998-ல் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். மன்னித்தாயா என்று அது நேராகக் கேட்பதில்லை. அவரைத் தவிர்க்கத் தோன்றுகிறதா, அவருக்குக் கெடுதல் நடக்க வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்கிறது. அவர் நன்றாக இருக்கட்டும் என்ற எண்ணம் வருகிறதா என்பதைப் பின்னால் சேர்த்தார்கள். அந்தத் தாளை அவள் கையில் கொடுக்க எனக்கு முகமில்லை. அடுத்த ஐந்து மாதம் நடந்ததை வைத்து நானாகப் பார்க்கிறேன்.

பழி என்பது எப்போதும் இருந்ததில்லை. நல்லெண்ணம் திரும்பியது, அது வந்த வழி வேடிக்கை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள், “மதினி, அத்தைய ஒரு வாரம் உங்க வீட்ல வெச்சுக்கோங்க, எனக்கு ஆபீஸ்ல ஆடிட்” என்று எழுதினாள். தயங்கவும் இல்லை, தயவாகக் கேட்கவும் இல்லை. என்மேல் ஒரு சுமையை ஏற்றினாள். தீபாவளிக்குச் சேலை எடுக்கும்போது நான் காட்டிய நிறத்தை “வயசான கலர்” என்றாள். மரியாதைக்காக ஒத்துப்போன காலம் முடிந்தது என்று அந்தக் கடையில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பில் எதுவும் இருப்பதில்லை.

தவிர்ப்பு மட்டும் ஓர் இடத்தில் அப்படியே இருக்கிறது. அந்தக் குழுவில் அவள் படம் இன்றுவரை வந்ததில்லை. தம்பி போட்டாலும் தான் மட்டும் நிற்கும் படமாகப் பார்த்துப் போடுகிறான். இதை மன்னிக்கவில்லை என்பதற்குச் சான்றாக எடுப்பதா? நான் எடுக்கவில்லை. அவள் என்னை மன்னித்தாள். அந்தக் குழுவை நம்பவில்லை. இரண்டும் வேறு. “இன்னும் போட மாட்டேங்கிறியே, கோபமா?” என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்டால் அது நான் மூன்றாவது தடவை என்னைப் பார்த்துக்கொள்வதாகும்.

தை மாதம் பெரியப்பா பேத்தி கல்யாணம். மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தோம். சித்தி வந்தாள், அவளை மேலும் கீழும் பார்த்தாள், கையைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா, எப்ப விசேஷம்?” என்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் சித்தியின் தோளில் கைபோட்டு, “சித்தி, பந்தி போட்டாச்சு, முதல் பந்திலயே உக்காந்துருவோம், வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனேன். கீழே போனால் இலைகூட விரிக்கவில்லை. சமையல்காரர் இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார். சித்தி என்னைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தாள்.

பையில் போன் துடித்தது. மேலே இருந்து அவள்தான். “இதுவும் தப்பா டைப் ஆயிருச்சா மதினி?”